பழுதுத் தட்டு

அரியலூர் சாலையோர பாலிடெக்னிக்கில் எனக்குச் செய்முறைத் தேர்வு. வெளியே சிமெண்ட் லாரிகளின் ஹாரன் எரிச்சலைக் கிளப்பியது. என் ஆம்ப்ளிஃபையரில் அலையே வரவில்லை, ஆசிலோஸ்கோப் திரையில் வெறும் கோடு. எங்கள் லேப் வழக்கப்படி டிரான்சிஸ்டர்மேல் பழியைப் போட்டு, மாற்றி மாற்றிச் செருகினேன். கழற்றியதையெல்லாம் பழுதுத் தட்டில் வீசினேன்.

தேர்வாளர் வந்து நின்றார். "டிரான்சிஸ்டரோட கலெக்டர் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் நடுவுல எவ்வளவு வோல்ட்டுன்னு பாத்தியா?"

பார்த்தேன். பன்னிரண்டு வோல்ட் சப்ளையில் மீட்டர் காட்டியது வெறும் 0.2.

"முழுசா ஆன் ஆன சுவிட்சுப்பா இது. மூணாவது காலு பேஸுக்குக் கரண்ட் ஏகமா போவுது. அத அளந்து விடுற பயாஸ் ரெசிஸ்டருங்களப் பாரு."

பேஸில் மிகும் கரண்டை கிரவுண்டுக்கு வடிக்கும் ரெசிஸ்டரின் கால், போர்டின் துளையில் இறங்கவே இல்லை. அழுத்தினேன். மீட்டர் ஆறு வோல்ட்டுக்கு, சப்ளையில் சரிபாதிக்கு வந்தது. அலை பெரிதாக எழுந்தது.

தட்டைப் பார்த்தேன். அத்தனையும் நல்ல டிரான்சிஸ்டர்கள்.