வெட்டியாச்சு, தைத்துவிடுவோம்

பனியன் கம்பெனியில் நான் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்வதானால், மற்றவர்கள் பாடுபட்டுத் தைத்ததை வேண்டாம் என்று தூக்கிப் போடுவது. குவாலிட்டி என்று அதற்குப் பெயர். லைன் சூப்பர்வைசர்கள் என் மேசைக்கு வந்து, ரெண்டு நாளாக ராத்திரி பகல் பார்க்காமல் தைத்தது, கொஞ்சம் பார்த்து விடுங்கள் என்று கெஞ்சுவார்கள். நீங்கள் எத்தனை நாள் தைத்தீர்கள் என்று இதைப் போட்டுக்கொள்ளப் போகிறவன் கேட்க மாட்டான், எனக்குப் பீஸ் எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சு என்று சொல்லி, ஓட்டை விழுந்ததை ஒரு பக்கமும் கறை பட்டதை ஒரு பக்கமும் எறிவேன். ஈவு இரக்கம் இல்லாதவள் என்று எனக்குப் பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்தப் புத்தியை என் சொந்தப் பிழைப்பில் பன்னிரண்டு வருடம் ஒரு நாள்கூடக் காட்டவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், வயிற்றெரிச்சல்தான்.

நான் சேர்ந்த அதே வாரத்தில் இன்னொருத்தியும் செக்கிங்கில் சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. மண்ணரைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் குடியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது மீன் வாங்கி வந்து, எங்கள் வீட்டிலேயே குழம்பு வைப்பாள். மூன்றாவது வருடம் ஒரு நாள் கம்பெனியை விட்டு நிற்கப் போகிறேன் என்றாள். வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சரக்கைச் சோதித்துப் பார்க்கிற ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று வருடம் இங்கே கொட்டிய உழைப்பெல்லாம் என்ன ஆவது, ஒரு இடத்தில் உட்காரத் தெரியாத தவளை என்று திட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

நான் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் ஒரு நாற்காலி. திருமுருகன்பூண்டிக்குப் போகிற வழியில் முதலாளி ஒரு இடம் வாங்கியிருந்தார். இரண்டாவது யூனிட் அங்கே வரும், அதற்கு மேனேஜர் நீதான் என்று நான் சேர்ந்த இரண்டாம் வருடம் சொன்னார். ஆயுத பூஜை தவறாமல் சொன்னார். ஆயுத பூஜைக்குச் சொன்னால் தையில் ஆரம்பம், தையில் கேட்டால் ஆடி கழியட்டும். இடத்தைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் எழும்பியது. உள்ளே சீமைக் கருவேலம் என் உயரத்துக்கு வளர்ந்தது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். என் நாற்காலியை அந்த முள்ளுக்குள் எங்கே போடுவார்கள் என்று மனசுக்குள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன், வெட்கங்கெட்டவள்.

ஏழாவது வருடம் தூத்துக்குடிக்காரி போன் செய்தாள். அவள் ஆபீஸில் ஒரு இடம் காலி, நான் சரி என்றால் மறுநாளே பேசி முடித்துவிடலாம் என்றாள். அன்றைக்கே முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று பேசப் பழகினேன். வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏம்புள்ள, ஏழு வருசம் பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டு, யூனிட்டு வர்ற நேரத்துல உட்டுட்டுப் போறதா?"

அவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே என் மனசு அதையே சொல்லிக்கொண்டிருந்தது. புது வேலையில் என்ன கிடைக்கும், பழைய வேலையில் இனி என்ன கிடைக்கும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் பார்க்கவே இல்லை. இதுவரை போட்டது ஏழு வருடம் என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. போட்டது போட்டதுதான், நான் இருந்தாலும் வராது போனாலும் வராது என்பது உறைக்கவே இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு முறைக்கு மேல் கேட்கவில்லை.

பன்னிரண்டாவது வருடம் அந்த ஆர்டர் வந்தது. ஆண்களுக்கான டி-ஷர்ட், ஒரே கருநீலம், பெரிய ஆர்டர். இது நல்லபடியாகக் கப்பல் ஏறினால் யூனிட் திறப்பு, மேனேஜர் போர்டில் என் பெயர் என்று முதலாளி இந்தத் தடவை ஊரறியச் சொல்லிவிட்டார். சாயம் போட்டுத் துணி வந்து இறங்கிய அன்றைக்கே ஒரு துண்டை வெட்டி, பை மாதிரித் தைத்து, துவைத்துக் காயவைத்துப் பார்த்தேன். நேராக நிற்க வேண்டிய தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. முறுக்கு ஏறிய நூலை மிஷினில் ஓட்டிப் பின்னிய துணி அப்படித்தான் திரும்பும். இதை டி-ஷர்ட்டாகத் தைத்தால், இரண்டு துவைப்பில் விலாவில் இருக்கும் தையல் வயிற்றுக்கு வந்துவிடும்.

முதலாளியிடம் போய், வெட்ட வேண்டாம், கோணலை எடுக்க மறுபடியும் பதம் பண்ண அனுப்பலாம், தேறியதை எடுத்துக்கொண்டு தேறாததற்குப் புதுத் துணி ஓட்டலாம், ஆர்டர் கொடுத்த பார்ட்டியிடம் பத்து நாள் கேட்கலாம் என்றேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. நிதானமாகத்தான் பேசினார். துணி வந்திருச்சு அம்மிணி, இனி நிறுத்தினால் சாயம் போட்டதெல்லாம் வீண், வெட்டிப் பார்ப்போம் என்றார்.

வேறு ஆர்டராக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். இந்த ஆர்டரின் முதுகில் என் நாற்காலி உட்கார்ந்திருந்தது. வெட்டினார்கள். வெட்டிய துண்டுகளைப் பார்த்து மறுபடியும் சொன்னேன். வெட்டியாச்சு, தைத்துவிடுவோம் என்றார். முதல் நூறு பீஸ் வந்ததும் துவைத்துப் பார்த்தேன், தையல் திரும்பியது. இவ்வளவு தைத்தாச்சு, முடித்துவிடுவோம் என்றார். அயர்ன் செய்து மடித்துப் பாலிதீன் பையில் போட்டதும், அழகாகத்தான் இருந்தது. துவைத்த பீஸின் கோணலை எழுதுகிற தாளில், ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டியது ஒன்பது இருந்தது. நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஒரு நாள் கூலிக்குத் தைத்தவர்களுக்காகச் சூப்பர்வைசர்கள் கெஞ்சியபோது இரங்காத நான், எனக்கு நானே இரங்கிக்கொண்டேன்.

கடைசிச் சோதனைக்குப் பார்ட்டி தரப்பில் ஆள் அனுப்பினார்கள். காரிலிருந்து இறங்கியது தூத்துக்குடிக்காரி. முன்நெற்றியில் நரை, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கையை விட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தாள். அடுக்கிய பெட்டிகளில் நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று தன் இஷ்டத்துக்கு எடுக்கச் சொன்னாள். அளந்தாள், எண்ணினாள், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, துவைக்க ரெண்டு பீஸ் கொடு என்றாள். ரிப்போர்ட் இருக்கிறதே என்று தாளை நீட்டினேன். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, நீயா போட்டது, அப்படியென்றால் சரியாகத்தான் இருக்கும், இருந்தாலும் துவைத்துவிடுவோம் என்றாள். அவள் என்னை நம்பியதுதான் என்னைக் கொன்றது.

மிஷின் ஓடிய நேரமெல்லாம் அவள் தன் மகன் படிப்பைப் பற்றிப் பேசினாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. காய்ந்த டி-ஷர்ட்டை மேசையில் விரித்தாள். தையல் முன்பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. இரண்டாவதிலும் அப்படியே. அவள் ஸ்கேலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"துணி வந்த அன்னிக்கே."

"அன்னைக்கே நிப்பாட்டிருந்தா துணியோட போயிருக்குமேட்டி. இப்பம் வெட்டுனது, தச்சது, பொட்டி கட்டுனது எல்லாஞ் சேந்துல்லா போவுது."

நான் சொல்லக் கூடாததைச் சொன்னேன். அத்தனை பேரின் ஒன்றரை மாத உழைப்பு, பார்த்து விடு, என் பன்னிரண்டு வருடமும் இதில்தான் இருக்கிறது என்றேன். இந்த வாயால், அந்த மேசையில். அவள் கோபப்படவில்லை. நாம் ரெண்டு பேரும் எறிந்த பீஸுக்கெல்லாம் யாராவது உழைத்துத்தானே இருந்தார்கள் என்று மெதுவாகக் கேட்டாள். பிறகு தாளில் ஃபெயில் என்று எழுதினாள். போகும்போது என் தோளைத் தொட்டாள். நான் தோளை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். திட்டுவார் என்று போனேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இந்தத் தடவை கைய உட்டுப் போயிருச்சு. அதுக்கென்ன கண்ணு, பன்னெண்டு வருசம் இருந்துட்ட, இன்னொரு வருசம் பொறுத்துக்கோ. யூனிட்டு எங்கீம் போயராது."

துணி வந்தாச்சு, வெட்டியாச்சு, தைத்தாச்சு. அதே குரல். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனிதர் என்னை மட்டும் ஏமாற்றவில்லை, தன்னையும் சேர்த்தே ஏமாற்றிக்கொள்கிறார். அதனால் எனக்கு ஒரு ஆறுதலும் இல்லை. "நாளையிலிருந்து வரலீங்க" என்றேன். டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

விட்டு வந்ததும் விடுதலை, பெருமூச்சு என்றெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சொந்தக்காரர்கள் இழவு கேட்பதுபோல் வந்து பன்னிரண்டு வருடத்தைக் கேட்டுவிட்டுப் போனார்கள். இனி வரப்போகிற வருடங்களைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. தூத்துக்குடிக்காரியின் ஆபீஸில் இப்போது முப்பது வயதுக்குக் கீழேதான் எடுக்கிறார்களாம். அவளே போன் செய்து வருத்தத்தோடு சொன்னாள். இப்போது சோமனூரில் தறிக்குடோன்களில் துணியை வெளிச்சத்துக்கு எதிரே இழுத்துவிட்டு, அறுந்த இழை பார்க்கிறேன். என்னைவிடப் பத்து வயது சின்னவன் எனக்கு மேலே. வேலை பரவாயில்லை. ஏழாவது வருடமே நான் எழுந்திருந்தால் என்னவாக இருப்பேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பார்ட்டி அந்தச் சரக்கை வாங்கவில்லை. கழித்த சரக்கை விற்கிற காதர்பேட்டைக் கடைகளில் வந்து கொட்டிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒரு சனிக்கிழமை அதில் மூன்று டி-ஷர்ட் அள்ளிக்கொண்டு வந்தார், எக்ஸ்போர்ட் துணி, சல்லிசாக விழுந்தது என்று. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அதே கருநீலம். மூன்றையும் மடித்துப் பீரோவில் வைத்தேன். ஒவ்வொரு துவைப்புக்கும் தையல் நகர்ந்து நகர்ந்து இப்போது தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. கடைத்தெருவுக்கு அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியவரிடம் நேற்று, கழற்றித் தொலையுங்கள், தரை துடைக்கவாவது ஆகும் என்றேன்.

அவர் இரண்டு கையாலும் தையலை விலாவுக்கு இழுத்து இழுத்து விட்டார். விட்டதும் அது வயிற்றுக்கே வந்தது.

"காசு குடுத்து வாங்கியாச்சில்ல புள்ள, போட்டுத்தான தீரோணும்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. பன்னிரண்டு வருடம் நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.