ஒவ்வொரு ஞாயிறும் அல்ல, ஒரு ஞாயிறு

லண்டனில் வளரும் என் பேரன் பேத்திக்குத் தமிழ் வராது. அவர்களோடு பேசத்தான் வில்லியனூரில் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். போன வாரம் வீட்டுப்பாடம்: பாட்டி பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதை. ‘யூஸ்ட் டு’ ஐந்து, ‘வுட்’ ஐந்து வர வேண்டும்.

முன்பு இருந்து இப்போது இல்லாத வழக்கத்துக்கு ‘யூஸ்ட் டு’. இன்ன ஊரில் குடியிருந்தோம், நாய்க்குப் பயந்தோம் என்கிற நிலைகளுக்கும் அதுவே. ‘வுட்’ திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு மட்டும். ஒரே ஒரு தடவை நடந்ததற்கு இரண்டும் ஆகாது. சாதாரண இறந்தகாலம் போதும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“வீ யூஸ்ட் டு லிவ் நியர் தி மில்” என்று தொடங்கினேன். அடுத்தது: “எவ்ரி சண்டே, மை ஃபாதர் வுட் டேக் அஸ் டு சீ தி ட்ரெய்ன்.” பூசை முடிந்து, அப்பா சைக்கிளில் என்னை முன்னாலும் அண்ணனைப் பின்னாலும் உட்கார வைத்து ரயில் பார்க்க அழைத்துப் போவார். வேர்க்கடலை வாங்கித் தருவார். பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் இருந்ததில் மிக நல்லது இதுதான்.

நான்காம் வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். சரிபார்க்காமல் எதையும் விட மாட்டேன். புரட்டினேன். ரயில் பார்த்தது ஒரே ஒரு ஞாயிறு. மற்ற ஞாயிறுகளில் ‘அப்பா மில்லுக்குப் போனார்’, ‘அப்பா கழனிக்குப் போனார்’.

அண்ணனுக்கு போன் செய்தேன்.

“இன்னாடி உளற்ற? ஒரே தாட்டிதான். அன்னிக்கு மில்லுல ஸ்ட்ரைக்கு. வேர்க்கடலைய நீயே துன்னுட்ட, எனக்குத் தோலுதான்.”

வகுப்பில் ஆசிரியையிடம் சொன்னேன். அவளுக்கு என் மகள் வயது.

“அட, யாரும்மா வந்து பாக்கப் போறாங்க? எவ்ரி சண்டேன்னே இருக்கட்டும், அழகா இருக்கு.”

“அந்தப் பிள்ளைங்க எங்கப்பாவப் பாத்ததில்ல. நான் சொல்றதுதான் அவுங்களுக்கு அவரு.”

இரவோடிரவாக அல்ல, மூன்று நாள் எடுத்துத் திருத்தினேன். மில்லிலிருந்து வந்ததும் தலையில் ஒட்டிய பஞ்சை உதறுவார், சாப்பிடும்போது கண்ணயர்வார், எழுப்பினால் “தூங்கலடி, யோசிக்கறேன்” என்பார். இவையெல்லாம் குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. ஐந்து ‘வுட்’டுக்கும் பஞ்சமில்லை. கடைசியில், “ஒன் சண்டே, ஹி டுக் அஸ்.”

வீடியோ அழைப்பில் பிள்ளைகளுக்கு வாசித்தேன். பஞ்சு உதறியதற்குப் பேரன் சிரித்தான். பேத்தி சிரிக்கவில்லை. ஏன் ஒரு ஞாயிறு மட்டும் என்று கேட்டாள். மற்ற நாளெல்லாம் வேலை என்றேன். அவள் திரும்பி, பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த தன் அப்பாவிடம், நீங்கள் எங்களை எத்தனை தடவை ரயில் பார்க்க அழைத்துப் போனீர்கள் என்றாள்.

என் மகன் திரைக்குள் தலையை நீட்டினான்.

“யம்மா, இன்னா கதை சொல்லிக் கெடுக்கற நீ?”

“நடந்ததத்தான்டா சொன்னேன். அந்தக் கம்ப்யூட்டர் பொட்டிய மூடிட்டுப் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு” என்றேன்.