ஓரப் பட்டியல் மீது வந்த சந்தேகம்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் நானும் என் கல்லூரித் தோழியும் வெப்சைட் செய்துகொடுக்கும் தொழில் நடத்துகிறோம். அவள் பாலவனத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள்.

போன வருடம் திருச்சுழிப் பக்கத்து விவசாயிகள் சங்கம் ஒன்று மானாவாரி மிளகாய் சாகுபடி பற்றி மிக நீளமான கட்டுரையைக் கொடுத்தது. உறுப்பினர்கள் போன் நம்பரைப் போட்டு உள்ளே வந்து படிக்க வேண்டும். நீளம் அதிகம் என்பதால், பக்கத்தின் இடது ஓரத்தில் தலைப்புப் பட்டியல் ஒன்று வைத்தேன். கட்டுரை மேலே ஏறிப் போனாலும் பட்டியல் அங்கேயே நிற்கும். படிக்கிற பகுதியின் தலைப்பு மட்டும் பச்சையாகும்.

முதலில் பட்டியல் நிற்கவே இல்லை. கட்டுரையோடு சேர்ந்து மேலே போய்விட்டது. அதைச் சுற்றியிருந்த பெட்டிக்கு, வெளியே நீளுவதை மறைக்கும்படி ஒரு கட்டளை இருந்தது. சுற்றியுள்ள எந்தப் பெட்டியில் அந்தக் கட்டளை இருந்தாலும் உள்ளே இருப்பது திரையில் ஒட்டி நிற்காது. அகலமான அட்டவணை ஒன்று பிதுங்குகிறதென்று தோழிதான் அதைப் போட்டிருந்தாள். அதை எடுத்ததும் பட்டியல் நின்றது. பச்சை மாறுவதற்கு, திரையின் மேல்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பட்டையை வைத்துக்கொண்டேன். எந்தப் பகுதி அந்தப் பட்டைக்குள் வருகிறதோ, பிரவுசர் அதைச் சொல்லும்; அதன் தலைப்புக்கு நிறம் ஏறும்.

சங்கத் தலைவர் ஒருநாள் மத்தியானம் மாடியேறி வந்தார். மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். உட்காரக்கூட இல்லை.

"ஏம்மா, அந்தப் பச்சை எங்கூடயே வருதே, நான் எங்க படிக்கேன்னு அதுக்கு எப்படித் தெரியுது?"

விளக்கினேன். அவர் முகம் மாறவில்லை.

"நேத்து சுருட்டை நோய் பகுதியப் படிச்சேன். காலையில பூச்சிமருந்துக் கடைக்காரன் போன் பண்றான். 'உங்க மிளகாய்க்குச் சுருட்டையாமே'ங்கான். நான் யாருட்டயும் சொல்லல."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. என் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்து, வைஃபையை அணைத்துவிட்டு உருட்டிக் காட்டினேன். பச்சை ஒவ்வொரு தலைப்பாக இறங்கியது.

"பாருங்கண்ணாச்சி, நெட்டே இல்ல. எல்லாம் இந்த மிஷினுக்குள்ளயே நடக்கு. யாருக்கும் எதுவும் போகாது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெட்டு இல்லாதப்ப போகாது, சரி. இருக்கறப்ப?"

"பாத்துச் சொல்றேண்ணாச்சி" என்றேன். பக்கத்து மேசையில் தோழி தலை தூக்காமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் போனபின் நெட்டை இணைத்து, பக்கம் வெளியே என்னென்ன அனுப்புகிறது என்று பார்க்கும் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு உருட்டினேன். பச்சை மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு தகவல் வெளியே போனது. அதில் உள்ளே வரப் போட்ட போன் நம்பரும் படிக்கிற பகுதியின் பெயரும் இருந்தன. என்னிடம் இருந்த பிரதியில் அப்படி எதுவும் இல்லை. நிறம் மாற்றும் வரிக்குக் கீழே, சைட்டில் ஏற்றியதில் மட்டும், ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஏற்றுவது அவள் வேலை.

"என்னடி இது?"

மறைக்கவில்லை. "எங்க மச்சான் பூச்சிமருந்து ஏஜென்சி வச்சு கடைகளுக்குச் சரக்கு போடுறாருல்ல, அவரு கேட்டாரு. எந்த ஊர்ப் பக்கம் என்ன நோய்னு தெரிஞ்சா சரக்கு இறக்கி வைக்கலாம்னு. விவசாயிக்கும் நல்லதுதான?"

"அவுககிட்ட கேட்டியா?"

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள். ஆகவில்லை. அவள் படி இறங்குவதைக் கேட்டபடி அந்த வரியை அழித்தேன். வேறு எங்கே என்ன இருக்கிறதோ என்று எங்கள் பழைய வேலைகளையெல்லாம் சாயந்திரம் வரை கிளறினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அது எனக்கு நிம்மதியாகவும் இல்லை.

மறுநாள் தலைவருக்கு நானே போன் செய்தேன். மறுபடி மாடியேறி வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"யாரு போட்டது?"

"எங்க ஆபீஸ்லதான்."

அன்று தோழி வராததால் காலியாக இருந்த நாற்காலியை ஒரு தடவை பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

"பட்டியல எடுத்துறாத. எங்க இருக்கோம்னு தெரியுது, எங்காளுகளுக்குப் பிடிச்சிருக்கு. நம்பர் கேக்கறத மட்டும் எடுத்துரு. யாருன்னு தெரியாம படிச்சுட்டுப் போகட்டும்."

அப்படியே செய்தேன். பிறகும் அவர் அவ்வப்போது கூப்பிட்டு, "இப்ப ஒண்ணும் போகலல்ல?" என்று கேட்பார்.

தோழி சில நாட்கள் கழித்து வந்தாள். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போதும் சேர்ந்துதான் வேலை பார்க்கிறோம். எதையும் ஏற்றுமுன் "பாத்துட்டியா?" என்று என்னிடம் கேட்கிறாள். அவள் எழுதியதை வரிவரியாகப் படிக்கிறேன். படித்து முடிக்கும்வரை அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள்.