கலப்படமில்லாத வெல்லம்

பேருந்து டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலையை விட்டாலும் கடைத்தெருவில் எல்லாருக்கும் அவர் ‘செக்கிங்’தான். எதையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்காமல் அவரால் வாங்க முடியாது. “செக்கிங் வர்றாருப்பா, தராசைத் துடைச்சு வை” என்று கடைக்காரர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் வீட்டில் தங்கியது குறைவு. விடியும் முன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். மகள் பிறந்தபோதுகூட ஏதோ ஒரு வழித்தடத்தில் யாரிடமோ டிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தார். வாசல் அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு குடும்பத்தை ஓட்டியவள் அவர் மனைவிதான்.

அவர் ஓய்வு பெற்ற வருஷமே அவளுக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தது. “இனிமே சர்க்கரையை விட்டுடணும்” என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்கணும், சாப்பாட்டைப் பற்றி நர்ஸ் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். பரிசோதகர் காதில் முதல் வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. மருந்துக்கடை வரிசையில் இடம் போய்விடுமே என்று அவர் முன்னால் போய்விட, நர்ஸிடம் அவள் மட்டும் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலமே வீட்டிலிருந்த வெள்ளைச் சர்க்கரை டப்பா காலியாகி அலம்பிக் கவிழ்க்கப்பட்டது. “அது ரசாயனம். உனக்கு நான் சுத்தமானதா வாங்கிட்டு வரேன் பாரு” என்றார்.

அதிலிருந்து வெல்லம் வாங்குவது அவருக்கு ஒரு உத்தியோகம் ஆகிவிட்டது. பளபளவென்று மஞ்சளாக இருக்கும் கட்டியைத் தொடக்கூட மாட்டார். “வெளுக்கிற மருந்து போட்டாதான் இந்தக் கலர் வரும். எனக்குக் கறுத்ததைக் கொடு” என்பார். உடைத்துப் பார்ப்பார். உள்ளே பளிச்சென்று மணிமணியாகத் தெரிந்தால் சர்க்கரை சேர்த்திருக்கலாம் என்று ஒதுக்குவார். நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்ப்பார். கடைக்காரரிடம் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கேட்டு ஒரு துண்டைக் கரைய விடுவார். அடியில் வெள்ளையாக மாவு படிந்தால் சுண்ணாம்புத் தூள் என்பார். பையில் சின்னப் புட்டியில் வினிகர் வேறு. இரண்டு சொட்டு விட்டு நுரைத்துப் பொங்கினால் சோடாவோ சுண்ணாம்போ கலந்திருக்கிறது என்று கட்டியைத் திருப்பி வைப்பார். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார்.

தேனில் மட்டும் ஒருமுறை சறுக்கினார். அடியில் உறைந்து மணலாக இருந்த பாட்டிலைக் கொண்டுபோய் “சர்க்கரையைக் காய்ச்சி ஊத்தியிருக்கே” என்றார்.

கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்: “நல்ல தேனும் உறையும் சார். வெதுவெதுப்பான தண்ணியில வச்சா இளகிடும்.”

“அப்ப தண்ணியில விட்டா நேரா கீழே இறங்குதே, அந்த டெஸ்ட்?”

“கெட்டியான சர்க்கரைப் பாகும்தான் இறங்கும். டம்ளரை வச்சுச் சத்தியம் பண்ண முடியாது சார். உறுதியா தெரியணும்னா லேபுக்குத்தான் அனுப்பணும். நான் வாங்கற இடம் எனக்குத் தெரியும், அவ்வளவுதான் சொல்ல முடியும்.”

பரிசோதகர் முனகிக்கொண்டே பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அன்றைக்கு வீட்டில் தேனை இளக்கி, இரண்டு ஸ்பூன் டீயில் விட்டு, அவரே ஆற்றி மனைவியிடம் நீட்டினார். மெஷினை நிறுத்திவிட்டு அவரை ஒரு நிமிஷம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வாங்கிக் குடித்தாள்.

“எப்படி இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு.”

காலையில் வெல்லம் போட்ட டீ, மத்தியானம் ஒரு துண்டு வெல்லம், மாலையில் தேன். சர்க்கரையைத்தான் விட்டாயிற்றே, ரத்தம் எதற்குப் பார்க்கணும் என்று அந்தச் செலவையும் அலைச்சலையும் அவர் தள்ளிப்போட்டார். சில வருஷங்களில் பாதம் எரிகிறது என்றாள். மெஷினை மிதித்து மிதித்து வந்தது என்றார். கண் மங்குகிறது என்றாள். புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். பிறகு பாத எரிச்சல் நின்றது. குணமாகிவிட்டது என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். உணர்ச்சி போய்விட்டது என்பது செருப்பு கடித்த புண் வலிக்காமலே அழுகியபோதுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சர்க்கரை அளவைக் கேட்டவுடன் அவர் நேராக வெல்லமும் தேனும் வாங்கும் கடைக்குப் போனார்.

“என்னய்யா கலந்த? என் வீட்டுக்காரி கால் போகப்போகுது!”

கடையில் நின்ற எல்லாரும் திரும்பினார்கள். கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. அதே வெல்லத்தை உடைத்துத் தண்ணீரில் போட்டார். வினிகர் விட்டார். நுரைக்கவில்லை. அடியில் எதுவும் படியவில்லை. “உங்க கண்ணு முன்னாடி இத்தனை வருஷமா நீங்களே பார்த்து எடுத்ததுதானே சார்” என்றார். இரண்டு பேர் வாங்கிய சாமானை வைத்துவிட்டுப் போனார்கள்.

மீதி வெல்லத்தையும் தேனையும் எடுத்துக்கொண்டு பரிசோதகர் டாக்டரம்மாவிடம் ஓடினார். மேஜைமேல் வைத்தார். “இதுல என்ன கலந்திருக்குன்னு சொல்லுங்க.”

டாக்டரம்மா பாட்டிலையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். “ஒரு நாளைக்கு எவ்வளவு கொடுத்தீங்க?”

அவர் சொன்னார்.

“ஐயா, இது சுத்தமாவே இருக்கலாம். கலப்படம் பிரச்சினை இல்லை. சுத்தமான வெல்லமும் சுத்தமான தேனும் ரத்தத்துல சர்க்கரையாத்தான் போகும். வெள்ளைச் சர்க்கரைக்கும் இதுக்கும் அவங்க உடம்புக்குப் பெரிய வித்தியாசம் கிடையாது. அன்னிக்கே நர்ஸ் சொல்லியிருப்பாங்களே?”

அவர் வெல்லத்தையும் தேனையும் திரும்பப் பைக்குள் வைத்தார்.

வார்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மறுநாள் காலில் இரண்டு விரல்களை எடுக்கப்போகிறார்கள். மகள் ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“வெல்லமும் ஆகாதாமே.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“நர்ஸ் அப்பவே சொன்னா. தேனும் ஆகாதுன்னு சொன்னா.”

“அப்புறம் ஏன்டி சொல்லல?”

“வெயில்ல அலைஞ்சு, கடைகடையா சண்டை போட்டு வாங்கிட்டு வர்றீங்க. டீயை ஆத்தி வேற கையில குடுக்கறீங்க. கல்யாணமான நாள்லேருந்து எனக்குன்னு நீங்க ஒண்ணும் வாங்கினதில்லை. எப்படி வேண்டாம்னு சொல்றது? கொஞ்ச நாள்ல நீங்களே விட்டுடுவீங்கன்னு நினைச்சேன்.”

அவரால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் முடியவில்லை.

விரல்கள் போயின. மங்கிய இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. மகள் ஒரு மாதம் இருந்தாள். அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவர் அந்தக் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். “பரவாயில்லை சார்” என்றார் கடைக்காரர், தலை நிமிராமல். சர்க்கரைக்குப் பதில் போடும் பொடி கேட்டதற்கு அலமாரியைக் கை காட்டினார். ‘இலையிலிருந்து எடுத்தது’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்த ஒரு பாக்கெட்டை அவர் பின்பக்கம் திருப்பினார். சேர்மானப் பட்டியலில் முதலில் இருந்தது மால்ட்டோடெக்ஸ்ட்ரின். மாவிலிருந்து எடுப்பது, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது, எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருந்தார். பாக்கெட்டைத் திருப்பி வைத்தார். ஸ்டீவியா என்னும் இனிப்பு இலையின் சாறும் தண்ணீரும் மட்டும் இருந்த சொட்டுப் புட்டி ஒன்று கிடைத்தது. டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இரண்டு சொட்டு விட்ட டீயை அவள் ஒரு வாய் குடித்தாள்.

“கசக்குது. வேண்டாம்.”

“ஒரு சொட்டு குறைச்சுப் பார்க்கலாமா?”

“வேண்டாம்.”

அன்றிலிருந்து அந்த வார்த்தை அவளுக்குச் சுலபமாக வந்தது. வெறும் டீ போதும் என்றாள். வாசலில் சற்று உட்காரலாமா என்றால் வேண்டாம். மகள் வீட்டுக்குப் போய் வரலாமா என்றால் வேண்டாம். தையல் மெஷினை விற்றுவிடலாம் என்று அவளே சொன்னாள். எதற்காவது அவள் சரி என்று சொல்லமாட்டாளா என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.