கொள்ளிடக் கரையில் பதிவான பேட்டி

ஸ்ரீரங்கத்தில் ஒரு செய்திச் சேனலில் ஒலியைச் சரிசெய்வது என் வேலை. ஓர் ஆடி மாதம், கொள்ளிடத்தில் திருட்டு மணல் அள்ளுபவன் பெயரை லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் துணிந்து சொன்னார். பேட்டி எடுத்த எங்கள் நிருபர், ஆறு தெரிய வேண்டுமென்று மேல்காற்றுக்கு நேராகப் போனைப் பிடித்திருந்தார்.

மறுநாள், தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை எண்பது ஹெர்ட்ஸில் வைத்தேன். காற்றின் உறுமல் குறைந்தது. நூற்றிருபதில் குரல் சற்று மெலிந்தாலும் தெளிந்தது. பெயர் வரும் இரண்டு நொடியில் மட்டும் திரையில் ஒலியலையின் உச்சியும் அடியும் சீவியதுபோல் தட்டையாக இருந்தன. அங்கே காற்று மைக்கைத் திணறடித்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாருங்கண்ணே" என்றார் நிருபர்.

"ஏத்தினா மிச்சக் குரலும் தகரம் மாதிரி ஆயிடும். அந்த இடத்துல குரலே பதிவாகலை, எதை எடுக்கறது? அவரையே இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க."

நிருபர் ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். விவசாயியின் மனைவி எடுத்தார்.

"இன்னொரு தடவை பேசணும்னு காலையிலேயே வந்து கூட்டிட்டுப் போனாங்களே. உங்க ஆபீஸ்னுதானே சொன்னாங்க?"

எங்கள் அலுவலகத்திலிருந்து யாரும் போகவில்லை.