கிணற்றுப் பேய் பேசிய மூன்று விதம்

என் ஞாபகசக்தியை நம்பிய ஒரே ஆள் நான்தான். செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு ஒரு குழந்தைகள் கார்ட்டூன் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதினேன். திரும்பத் திரும்ப வரும் வசனங்களுக்குப் பட்டியல் வைத்துக்கொள்வது இந்த வேலையின் முதல் பாடம். அதெல்லாம் மறதிக்காரர்களுக்கு என்று இருந்துவிட்டேன்.

தொடரில் ஒரு கிணற்றுப் பேய். நான்கு பிள்ளைகள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்லும். மூலத்தில் இருபத்தாறு எபிசோடிலும் ஓர் எழுத்து மாறவில்லை. என் பேயோ, முதலில் "போறவங்க போங்க, ஒருத்தர் மட்டும் இருங்க" என்றது. நடுவில் "எல்லாரும் போகலாம், ஒரு ஆளைத் தவிர." அப்புறம் "போங்க போங்க, ஒருத்தரை விட்டுட்டுப் போங்க."

சென்னையிலிருந்து டப்பிங் இயக்குநர் போன் செய்தார். கோபப்படாத பெண்மணி, அதுதான் கிலி.

"பேய்க்குக் குரல் குடுக்கிறவர் எதைப் பேசணும்னு கேக்குறார் சார். நாளைக்குக் கடைசி எபிசோட் ரெக்கார்டிங். ஊரை விட்டுப் போற பேயைப் பார்த்துப் பசங்க அதே வசனத்தைச் சொல்லணும். ஒண்ணை முடிவு பண்ணுங்க, இன்னும் ஒளிபரப்பாகாததை ரீடேக் எடுத்துக்கலாம். சொதப்பினா அடுத்த சீசன் உங்ககிட்ட வராது."

எனக்கு மூன்றாவதுதான் பிடித்திருந்தது. சிரிப்பு வரும். யோசிக்கக் கோட்டைக்குப் போனேன். மேகம் மூடிய பிற்பகல்.

"உள்ள ஒருத்தரும் இல்ல சார். மழ வர்ற மாதிரி இருக்குது, சீக்கிரம் வந்துடு," என்றார் வாசல் காவலாளி.

கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துக்குள் வெளிச்சம் வாசலோடு நின்றுவிட்டது. எதிரொலிக்கும் இடமாயிற்றே, வசனத்தைச் சோதிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"போங்க போங்க, ஒருத்தரை விட்டுட்டுப் போங்க."

கொஞ்சம் தாமதித்து, இருட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"போறவங்க போங்க, ஒருத்தர் மட்டும் இருங்க."

எதிரொலி திருத்தாது என்பது எனக்குத் தெரியும். ஏதோ ஒரு வீம்பில் என் வசனத்தையே மறுபடி சொன்னேன். இந்த முறை குரல் பக்கத்தில் கேட்டது. தப்பாகப் படிக்கும் பிள்ளைக்கு டீச்சர் சொல்லித்தருவது போல, நிறுத்தி நிறுத்தி, அதே பழைய வசனம்.

திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

"இன்னா சார், மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது?" என்றார் காவலாளி. உள்ளே யார் என்று கேட்டேன். "நீதான் போன," என்றார்.

வீட்டுக்கு வந்து கடைசிக் காட்சியில் முதல் வசனத்தைப் போட்டுப் பார்த்தேன். கிளம்பும் பேயிடம் பிள்ளைகள் சொல்கிறார்கள்: ஒருத்தர் மட்டும் இருங்க. மிரட்டல் கெஞ்சலாகிவிட்டது. மற்ற இரண்டிலும் அது நடக்காது.

மறுநாள் ஒலிப்பதிவு முடிந்ததும் இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அது பேயோ, டிவி பார்க்கிற பசங்களோ தெரியல சார். ஆனா ஒரு லிஸ்ட் வச்சிருக்குது. நீங்களும் வச்சுக்குங்க."