இரண்டாவது ஆளுக்கு ஒரு பக்கம்

என் அம்மா மனோரமா போன மாதம் இறந்தார். திருத்தணியில் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தார். டிராக்டர் ஓட்டியதில்லை, சைக்கிள்கூட ஓட்டியதில்லை. ஆனால் இந்தப் பக்கத்து டிராக்டர்கள் பலவற்றின் இருக்கைக்கு அடியில் ஆயில் கறையோடு ஒரு தமிழ்க் கையேடு கிடக்கும். அதை எழுதியவர் அவர்தான். புத்தகத்தில் அவர் பெயர் இல்லை.

இது எண்பத்தொன்றில் நடந்தது. அரக்கோணம் சாலையில் டிராக்டர் விற்பனை நிலையம் வைத்திருந்த ராஜமாணிக்கம் ஒரு மாலை எங்கள் வீட்டுக்கு வந்து, கனமான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை மேசையில் வைத்தார். டிராக்டருக்கும், டிராக்டர் இழுத்துச் செல்லும் அறுவடை இயந்திரத்துக்கும் சேர்த்து ஒரே கையேடு.

"டீச்சரம்மா, இத தமிழ்ல எழுதித் தரணும். மெட்ராஸ் ஆபீஸ்ல ஒருத்தர் எழுதி அனுப்பினார். ஹைட்ராலிக் லிஃப்ட்டுக்கு நீரியல் தூக்கின்னு போட்டிருக்கார். உள்ள இருக்கறது ஆயில். இதப் படிச்சிட்டு எவனாவது தண்ணி ஊத்தினான்னா வாரண்டி நான்தான் குடுக்கணும்."

அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "இது ஓடறத நான் பாக்கணும்" என்றார். அவர் அம்மையார்குப்பத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். எதுவும் ஓடுவதைப் பார்க்காமல் அவருக்கு நம்பிக்கை வராது.

நான் அப்போது மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலைக்குக் காத்திருந்தேன். படங்களை விளக்குவது என் வேலை. கலப்பையைத் தூக்கி இறக்கும் லிஃப்ட்டை அப்படியே லிஃப்ட் என்று வைத்துக்கொண்டோம். டிராக்டரின் பின்புறம் நீட்டிக்கொண்டு சுழலும் தண்டுக்கு ஓட்டுநர்கள் பி.டி.ஓ. என்றே சொன்னார்கள். அதையும் வைத்துக்கொண்டு, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'இன்ஜினின் விசையைப் பின்னால் பூட்டிய இயந்திரத்துக்குக் கொடுக்கும் தண்டு' என்று அம்மா விளக்கம் எழுதினார். சொற்களில் அதிகச் சிக்கல் வரவில்லை. சிக்கல் வயலில் இருந்தது.

கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் உழவு நடந்துகொண்டிருந்தது. ராஜமாணிக்கம் விற்ற டிராக்டர். ஓட்டியவர் ஆறுமுகம். பின்னால் பூட்டிய கலப்பைச் சட்டத்தின் மேல் இன்னொருவர் குந்தியிருந்தார், ஆறுமுகம் 'பாவா' என்று கூப்பிடும் அவருடைய அக்காள் கணவர் தங்கவேல். டிராக்டர் குலுங்கும்போதெல்லாம் அவரும் குலுங்கினார். அவருடைய பாதத்துக்குக் கீழே கலப்பையின் கொழு மண்ணைப் பிளந்துகொண்டு போனது.

வரப்பருகே வண்டி நின்றதும் அம்மா கேட்டார். "ஓட்டறவர் தவிர யாரும் ஏறக்கூடாதுன்னு புத்தகத்துல இருக்கே?"

"அவரு எங்க டிராக்டர்ல ஏறினாரு?" என்றார் ஆறுமுகம். "கலப்ப மேலதானே குந்திகினு இருக்காரு."

"எதுக்கு?"

"காஞ்ச மண்ணுங்க. கலப்ப மேலயே ஓடுது, கீழ எறங்க மாட்டேன்னுது. பாவா குந்தினா எறங்குது. எல்லா ஊர்லயும் இப்டித்தான். செல பேரு கல்லு வெப்பாங்க. கல்லுக்கு டீ வாங்கித் தர வேணாம், அது ஒண்ணுதான் லாபம்."

"கல்லு கீழ வுழுந்தா திரும்பி எடுத்து வெப்பான்" என்றார் தங்கவேல். "நான் வுழுந்தா எடுக்க மாட்டான். வண்டி சத்தத்துல தெரியாது."

காரணம் எனக்குத் தெரியும். புத்தகத்திலும் இருந்தது. மண் இறுகினால் கலப்பையை இழுக்கும் பாரம் கூடும். கலப்பையை டிராக்டரோடு பிணைக்கும் மேல் தண்டு அந்த அழுத்தத்தை ஹைட்ராலிக்குக்குத் தெரிவிக்கும். ஹைட்ராலிக் கலப்பையைச் சற்றே தூக்கிப் பாரத்தைக் குறைக்கும். உழவின் ஆழத்தை அமைக்கும் நெம்புகோலைக் குறைந்த ஆழத்தில் வைத்துவிட்டால், இறுகிய மண்ணில் கலப்பை மேலேயே ஓடும். நெம்புகோலை ஆழப் பக்கம் நகர்த்த வேண்டும். மேல் தண்டைத் திருகிக் கொஞ்சம் குட்டையாக்கினால் கொழுமுனை கீழ்நோக்கிச் சாயும், தானே இறங்கும்.

ஆறுமுகத்திடம் சொன்னேன். செய்து பார்த்தார். தங்கவேல் வரப்பில் நிற்க, கலப்பை இறங்கி ஓடியது. அடுத்த சாலில் ஆறுமுகம் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஓட்டினார், நம்பிக்கையில்லாமல்.

அம்மாவுக்கு அங்கேயே தெளிவாகிவிட்டது. ஆங்கிலப் புத்தகத்தில் தடை ஒரு பக்கத்தில் இருந்தது. அதற்கான மருந்து வேறொரு அத்தியாயத்தில் இருந்தது. ஏறாதே என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். ஏறத் தேவையில்லை என்பதையும் அதே பக்கத்தில் சொல்ல வேண்டும்.

நாங்கள் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது தங்கவேல் பின்னாலேயே வந்தார்.

"டீச்சரம்மா, அத எழுதாதீங்க."

"ஏம்பா?"

"எழுதினா எனக்கு இன்னா வேல? ஓட்ட எனக்குத் தெரியாது. லைசென்ஸ் இல்ல. கலப்ப மேல குந்தறதுக்குத்தான் என்ன கூப்புடறாங்க. உழவு இல்லாத நாளு நெல் அறுக்கப் போவேன். இப்ப அதுக்கும் மிஷின் கொண்டாறாராம் ராஜமாணிக்கம்."

பஸ்ஸில் அம்மா என்னிடம் சொன்னார். "எழுதினா அவர் வீட்டுல அடுப்பு எரியாது. எழுதலன்னா ஒருநாள் அந்தக் கொழுவுக்கு அடியில கெடப்பார்."

சில நாள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதினார். அறுவடை இயந்திரப் பகுதிக்கு வந்தார். அது டிராக்டருக்குப் பின்னால் இழுபட்டுப் போகும் வகை. கதிரை அறுக்கும் கத்தி, அடிக்கும் உருளை, எல்லாவற்றுக்கும் விசை பி.டி.ஓ. தண்டிலிருந்து வரும். நெல் குழாய் வழியாகக் கோணியில் விழும். கோணியை மாற்றிக் கட்ட இயந்திரத்தின் பக்கவாட்டில் கைப்பிடிக் கம்பி வைத்த ஒரு மேடை உண்டு. அந்த மேடையில் நிற்கும் ஆளைப் பற்றிப் புத்தகத்தில் இருந்தது ஒரே வரி.

அம்மா அந்த வரியைப் பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார். மறுநாள் ராஜமாணிக்கத்தின் கடைக்குப் போனார். நானும் போனேன்.

"மேடையில யார நிறுத்தப் போறீங்க?"

"மெட்ராஸ்லேந்து ட்ரெயினிங் எடுத்த ஆளு வருவான்."

"தங்கவேல நிறுத்துங்க."

"அவன் படிக்காதவன் டீச்சரம்மா. மிஷின் புதுசு."

"படிக்காதவருக்கும் வெளங்கணும்னுதானே என்கிட்ட குடுத்தீங்க? அவருக்கு வெளங்கலன்னா நான் எழுதினது தப்பு. அவர நிறுத்தாம நான் மீதிப் பக்கத்தத் தரமாட்டேன்."

ராஜமாணிக்கம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "வாத்தியார் வேலைக்குப் போனவங்ககிட்ட வாயக் குடுக்கக் கூடாது" என்று முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

கடையின் பின்கொட்டகையில் இயந்திரம் நின்றது. தங்கவேல் மேடையில் நின்று கேட்க, ஆறுமுகம் கையெழுத்துப் பிரதியை எழுத்துக் கூட்டி வாசித்தார். வைக்கோல் சிக்கினால் பி.டி.ஓ.வை விடுவி, இன்ஜினை நிறுத்து, சாவியை எடு, பிறகு சிக்கலை நீக்கு. மூலத்தில் இருந்த வரிசையே அது.

"யாரு நீக்கறது?" என்றார் தங்கவேல்.

"நீதான் பாவா. நான் எறங்கி வந்து சேத்துல நிக்கவா?"

"அப்ப நீ அங்க முன்னால இருக்க. நான் இங்க கைய வுட்டுகினு இருக்கேன். நெல்லு வூட்டுக்காரர் வந்து சீக்கிரம் சீக்கிரம்னு கத்துவாரு. நீ சாவியத் திருப்பிட்டன்னா?"

"திருப்புவனா நான்?"

"என் பொண்டாட்டி மேல பாசம் இருக்கு உனுக்கு, தெரியும். அவசரம் வந்தா யாருக்கும் எதுவும் நெனப்பு இருக்காது."

ஆங்கிலப் புத்தகம் எழுதியவர்களின் வயலில் சிக்கலையும் ஓட்டுநரே நீக்குவார் போலிருக்கிறது. இன்ஜினை நிறுத்துபவனும் உள்ளே கையை விடுபவனும் அங்கே ஒருவன். இங்கே இருவர். அம்மா அங்கேயே ஒரு மூட்டையின் மேல் தாளை வைத்து எழுதினார்: 'சாவியைச் சிக்கல் நீக்கப் போகிறவரிடம் கொடுத்துவிட வேண்டும். அவர் வேலை முடித்து மேடைக்குத் திரும்பி, தாமே கொடுக்கும் வரை ஓட்டுநர் அதைக் கேட்கக் கூடாது.'

பிறகு வீட்டுக்கு வந்து, விட்டுவைத்த கலப்பைப் பக்கத்தையும் எழுதினார். தடையும் மருந்தும் ஒன்றாக.

டிராக்டர் கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து கிருஷ்ணன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். இயந்திரத்தை முதன்முதலாக வயலில் ஓட்டிக் காட்டும் நாள் அது. நல்ல மனிதர். ஆனால் ஆங்கிலப் புத்தகத்தையும் அம்மாவின் கையெழுத்துப் பிரதியையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டிருந்தார்.

"மேடம், கலப்பைப் பக்கம் பரவாயில்லை. இடம்தான் மாறியிருக்கு. இந்தச் சாவி வரி மூலத்துலயே இல்லை. இல்லாததைச் சேர்க்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"உங்க மூலத்துல சிக்கல் எடுக்கற இவரே இல்லையே" என்றார் அம்மா, தங்கவேலைக் காட்டி.

"அப்படிப் பார்த்தா எதை வேணும்னாலும் சேர்க்கலாம். அந்த வரியை அடிச்சிடுங்க."

அம்மா அடிக்கவில்லை. அடிக்க மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தாள்களைப் பையில் வைத்துக்கொண்டார்.

இயந்திரம் வயலில் இறங்கியது. பள்ளிப்பட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்திருந்தார்கள். இரண்டு சுற்று நன்றாக ஓடியது. கோணிகள் வரப்பில் வரிசையாக இறங்கின. மூன்றாம் சுற்றில், வயலின் ஈரமான மூலையில், வைக்கோல் சுற்றிக்கொண்டு உருளை முனகியது. ஆறுமுகம் பி.டி.ஓ.வை விடுவித்தார். இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் குமிழின் மேல் கை வைத்துவிட்டுத் தயங்கினார்.

"பேட்டரி வீக்குங்க. நிறுத்தினா எடுக்காது."

"ஓடட்டும், ஓடட்டும். இவ்ளோ பேர் பாக்கறாங்க" என்றார் ராஜமாணிக்கம்.

தங்கவேல் மேடையிலிருந்து இறங்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். "சாவி."

கூட்டத்தில் யாரோ, "மாமியா வூட்டு பீரோ சாவி கேக்குறாரு, குடுய்யா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தங்கவேலின் கை இறங்கவில்லை. கிருஷ்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறுமுகம் குமிழை இழுத்தார். இன்ஜின் அடங்கியது. இறங்கி நடந்து வந்து சாவியைக் கொடுத்தார். தங்கவேல் அதை லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு, மேடையிலிருந்து இறங்கிப் பின்பக்கம் போய், உருளைக்குள் தோள்வரை கையை விட்டு வைக்கோலை உருவ ஆரம்பித்தார்.

தோள்வரை. கிருஷ்ணன் அதையும் பார்த்தார்.

அந்த நேரத்தில் வயலுக்குச் சொந்தக்காரரான சுப்பிரமணி மறுபக்கமிருந்து வந்து, மேடை காலியாக இருப்பதைப் பார்த்து, "இன்னும் இன்னாத்துக்கு நிறுத்திகினு? எடு வண்டிய" என்றார். இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்திருந்த தங்கவேலை அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்க முடியாது. ஆறுமுகம் இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

வேலை முடிந்து சாவி திரும்பியது. ஆறுமுகம் சொன்னது போலவே வண்டி எடுக்கவில்லை. ஜீப்பிலிருந்து பேட்டரியைக் கழற்றி, கிருஷ்ணனே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்தார். கால்சட்டையில் சேறு. இன்ஜின் பிடித்ததும் அம்மாவிடம் வந்து கை நீட்டினார்.

"அந்தத் தாளைக் குடுங்க மேடம்."

வரப்பில் உட்கார்ந்து அந்த வரியை மறுபடி படித்தார். ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். "இதை எங்க ஆபீஸ்ல நான் பேசிக்கறேன். இன்னொண்ணும் சேருங்க. பேட்டரியை முதல்லயே பார்த்துக்கணும்னு. இல்லன்னா எவனும் நிறுத்த மாட்டான்."

"அது மூலத்துல இருக்கா?" என்றார் அம்மா.

"இல்லை" என்றார் கிருஷ்ணன். "எழுதுங்க."

அந்தப் பருவம் முழுவதும் தங்கவேல்தான் மேடையில் நின்றார். கலப்பைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போக நேரமில்லை. புத்தகம் அச்சாகி வந்த அன்று, நாங்களும் ஆறுமுகமும் இருந்த கடைக்கு வந்து, படிகளின் கட்டைப் பிரிக்கச் சொல்லி ஒன்றை வாங்கி, ஆறுமுகத்தின் மடியில் போட்டார்.

"நம்ம பக்கத்தப் படி மச்சான்."

ஆறுமுகம் அட்டையிலிருந்து தொடங்கினார்.

"அது உன்னுது. நீயே பொறவு படிச்சிக்க. என்னுத எடு."

அம்மா எழுந்து போய்ப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஆறுமுகம் எழுத்துக் கூட்டிப் படிக்க, தங்கவேல் நின்றபடியே கடைசி வரி வரை கேட்டார்.